கைபேசிக்கும் ஒரு ரத்துப் பத்திரம்

பதிவுத் துறையில் 34 ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். எத்தனையோ பேரிடம் "ஏனுங்க, கையெழுத்துப் போடறதுக்கு முன்னால ஒருக்கா படிச்சுப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறேன். பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, நிலம் கைமாறிய பிறகு அலுவலக வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மனதுக்குள், இப்படியும் ஏமாறுவார்களா என்று நினைத்ததும் உண்டு. அந்த நினைப்புக்கான கூலி போன ஆவணி மாதம் எனக்குக் கிடைத்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "திருமண அழைப்பிதழ், குடும்பத்துடன் வரவும்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஒரு கோப்பு. அவருடைய பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். முகூர்த்த மாதம் வேறு. சந்தேகம் எங்கிருந்து வரும்?

அழைப்பிதழ் என்றால் படமாக வரும், இல்லையென்றால் பி.டி.எஃப். ஆக வரும். இதன் பெயர் `.apk` என்று முடிந்திருந்தது. அது படம் இல்லை, கைபேசியில் நிறுவப்படும் ஒரு செயலி. அந்த மூன்று எழுத்தின் அர்த்தம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. தொட்டதும், இந்த இடத்திலிருந்து செயலி நிறுவ அனுமதி இல்லை என்று கைபேசியே தடுத்தது. அனுமதி கொடுக்கும் பக்கத்துக்கும் அதுவே வழி காட்டியது, கொடுத்தேன். இது ஆபத்தானதாக இருக்கலாம் என்று இன்னொரு எச்சரிக்கை வந்தது. அதையும் தாண்டினேன். குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா என்று கேட்டது. `Allow` என்று அழுத்தினேன்.

கடைசியாக ஒரு பக்கம் வந்தது. மேலே `Activate device admin app?` என்று தலைப்பு. கீழே நாலைந்து வரிகள் ஆங்கிலத்தில். கண்ணாடி பக்கத்து அறையில் இருந்தது. எழுந்து போக சோம்பல். அடியில் இருந்த `Activate` என்ற பொத்தானை அழுத்திவிட்டேன். கல்யாணம் எங்கே, என்றைக்கு என்று தெரிந்தால் போதும் என்று இருந்தது எனக்கு. அழைப்பிதழ் எதுவும் வரவில்லை. திரை ஒரு முறை மின்னிவிட்டு அடங்கியது. கோப்பு கெட்டுப் போயிருக்கும் போல என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முதல் அழைப்பு. கோபியில் இருக்கும் என் சம்பந்தி. "ஏனுங்க மச்சான், யாருக்குங்க கல்யாணம்? பத்திரிகை திறக்கவே மாட்டேங்குது" என்றார். எனக்குப் புரியவில்லை. ஏழு மணிக்குள் ஒன்பது பேர் கூப்பிட்டுவிட்டார்கள். என் பெயரில், என் எண்ணிலிருந்து, எனக்கு வந்த அதே செய்தி என் கைபேசியில் உள்ள எல்லோருக்கும் போயிருந்தது. என் வாட்ஸ்அப்பைத் திறந்தால், இந்த எண் வேறொரு கைபேசியில் பதிவாகிவிட்டது என்று சொன்னது.

எப்படி நடந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். வாட்ஸ்அப்பைப் புதிதாக ஒரு கைபேசியில் தொடங்க வேண்டுமானால் நம் எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று குறுஞ்செய்தியாக வரும். குறுஞ்செய்தியைப் படிக்க நான்தான் அனுமதி கொடுத்துவிட்டேனே. ராத்திரி நான் தூங்கும்போது அந்தக் குறியீடு வந்தது, செயலி அதைப் படித்து எங்கேயோ இருப்பவனுக்கு அனுப்பியது, அவன் என் பெயரில் உட்கார்ந்துகொண்டான். நண்பருக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. இந்தக் கல்யாணப் பத்திரிகை மோசடி பற்றி 2024-லேயே இமாசலப் பிரதேச சைபர் காவல்துறை எச்சரித்திருந்தது. அது நம் சத்தி பூ மார்க்கெட் வரைக்கும் வந்துவிட்டது.

குறுஞ்செய்திப் பெட்டியைப் பார்த்தேன். விடியற்காலை நாலு மணிக்கு வங்கியிலிருந்து இரண்டு ஓ.டி.பி. வந்திருந்தது. நான் கேட்காதது. அடிவயிறு கலங்கிவிட்டது. அந்தக் கணக்கில்தான் வீட்டுக்காரியின் முழங்கால் ஆபரேஷனுக்காக முதிர்ந்த வைப்புத்தொகை 2,40,000 ரூபாய் கிடந்தது. கைபேசியின் இணையத்தை அணைத்தேன். பக்கத்து வீட்டுப் பையனின் கைபேசியில் வங்கிக்குக் கூப்பிட்டு, அட்டையையும் இணைய வழிப் பரிவர்த்தனையையும் நிறுத்தச் சொன்னேன். பணம் போகவில்லை என்று அவர்கள் சொன்ன பிறகுதான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

இனி அந்தச் செயலியை எடுத்து எறிய வேண்டும். அங்கேதான் வேடிக்கை ஆரம்பித்தது.

முகப்பில் அதற்குப் படமே இல்லை, தன்னை மறைத்துக்கொண்டுவிட்டது. அமைப்புகளுக்குள் செயலிகளின் பட்டியலில் தேடிக் கண்டுபிடித்தேன். `Uninstall` என்று அழுத்தினால் நீக்க முடியாது என்றது. இது சாதன நிர்வாகியாக இருக்கும் செயலி, முதலில் அந்த அதிகாரத்தை எடு என்ற பொருளில் ஒரு வரி. நிர்வாகி பக்கத்துக்குப் போய் `Deactivate` என்று அழுத்தினேன். உடனே ஒரு எச்சரிக்கை: இதை நீக்கினால் உங்கள் கைபேசியில் உள்ள எல்லாத் தரவும் அழிந்துவிடும் என்று. பயந்து கையை எடுத்தேன். தைரியம் வரவழைத்து மறுபடியும் அழுத்தினால், திரை தானாகப் பூட்டிக்கொண்டது. திறந்து போனால் மறுபடி பூட்டு. ஐந்தாறு முறை இதே கதை. என் கைபேசியில் நான் அழுத்தும் பொத்தானை இன்னொருவன் தட்டிவிடுகிற மாதிரி இருந்தது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். பார்த்ததும், "பத்திரிகையா அய்யா? இந்த வாரத்துல இது நாலாவதுங்க" என்றார். முதலில் கைபேசியைக் கம்பி மூலம் தன் மடிக்கணினியில் இணைத்து, அங்கிருந்து நீக்கப் பார்த்தார். கணினி இப்படி ஒரு வரியைத் துப்பியது:

```
Failure [DELETE_FAILED_DEVICE_POLICY_MANAGER]
```

"பாத்தீங்களா அய்யா, கம்ப்யூட்டர்ல இருந்து சொன்னாலும் கேக்காது. நிர்வாகிங்கற பதவியில இருக்கற வரைக்கும் யாரும் தொட முடியாது. பதவியத்தான் மொதல்ல புடுங்கணும்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. இது நான் காலமெல்லாம் பார்த்த பவர் பத்திரம்தானே!

ஒருவர் தன் நிலத்துக்கு இன்னொருவரைப் பொது அதிகார முகவராக நியமித்துப் பதிவு செய்துவிட்டால், அந்த ஆளை வீட்டை விட்டுத் துரத்தினால் மட்டும் அதிகாரம் போய்விடாது. ரத்துப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். முகவருக்கும் அதைத் தெரிவிக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 208-ஆம் பிரிவு சொல்வது இதைத்தான்: ரத்து செய்தது முகவருக்குத் தெரியவந்த பிறகுதான் அது அவரைக் கட்டுப்படுத்தும், மூன்றாம் நபர்களுக்கும் அப்படியே. அதற்குள் அவர் செய்த காரியம் செய்ததுதான். கைபேசியிலும் அதே வரிசை. முதலில் அதிகாரத்தை ரத்து செய்ய வேண்டும், பிறகுதான் ஆளை வெளியேற்ற முடியும்.

இப்படி ஓர் அதிகாரத்தை ஏன் வைத்தார்கள் என்று தம்பியிடம் கேட்டேன். அவர் சொன்னதோடு பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். 2010-இல் வந்த ஆண்ட்ராய்டு 2.2 பதிப்பில் இந்த சாதன நிர்வாகி ஏற்பாடு நுழைந்தது. அலுவலக மின்னஞ்சலை ஊழியர்கள் தங்கள் கைபேசியில் பார்க்கத் தொடங்கிய காலம் அது. கைபேசி தொலைந்தால் அலுவலக ரகசியம் போய்விடும். ஆகவே, கடவுச்சொல் கட்டாயம் என்று விதிக்கவும், தூரத்திலிருந்தே திரையைப் பூட்டவும், எல்லாவற்றையும் அழிக்கவும் அலுவலகத்தின் செயலிக்கு அதிகாரம் கொடுத்தார்கள். கைபேசியைத் திருடியவன் அந்தச் செயலியைச் சுலபமாக நீக்கிவிடக் கூடாது அல்லவா? அதற்காகத்தான், அதிகாரத்தில் இருக்கும் வரை நீக்க முடியாது என்ற பூட்டு. திருடனுக்கு எதிராகப் போட்ட பூட்டின் சாவியைத் திருடனே கேட்டு வாங்கிக்கொண்டான். கொடுத்தது நான்.

திருடர்கள் இதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். 2013-இல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் ஓபாட் என்ற தீய செயலியைப் பற்றி எழுதியது. அது நிர்வாகி அதிகாரத்தை வாங்கிக்கொண்டு, ஆண்ட்ராய்டில் இருந்த ஓர் ஓட்டையின் வழியாக நிர்வாகிகளின் பட்டியலிலேயே தன் பெயர் தெரியாமல் செய்துவிட்டதாம். பட்டியலில் பெயர் இல்லையென்றால் எதை ரத்து செய்வது? அதற்குப் பிறகு கூகுள் இந்த அதிகாரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருகிறது. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7-லிருந்து, நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் கடவுச்சொல்லை இந்த நிர்வாகியால் மாற்ற முடியாது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, கடவுச்சொல் விதிகள், கேமராவை முடக்குதல் போன்றவற்றையும் பழைய வகை நிர்வாகிகளிடமிருந்து பிடுங்கியது. ஆனால் திரையைப் பூட்டுவதும் எல்லாவற்றையும் அழிப்பதும் மிஞ்சியிருக்கின்றன. என்னுடையது ஆண்ட்ராய்டு 9, மகன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய கைபேசி.

"அப்ப எல்லாம் அழிஞ்சுரும்னு அது சொன்னது நெசந்தானுங்களா தம்பி?" என்று கேட்டேன். பேரன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையில் நீங்கள் ஞாபகம் வைக்க வேண்டிய முதல் விஷயம். அந்த எச்சரிக்கையை எழுதியது கைபேசி இல்லை, அந்தச் செயலியே. நிர்வாகியை ரத்து செய்யப் போகும்போது, ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று ஆண்ட்ராய்டு அந்தச் செயலியிடம் கேட்கும். அது என்ன வாக்கியம் கொடுக்கிறதோ அதை அப்படியே திரையில் காட்டும். அலுவலகச் செயலியாக இருந்தால், மின்னஞ்சல் வராது என்று நல்லபடியாகச் சொல்லும். திருட்டுச் செயலி மிரட்டும். அந்தக் கேள்வி வரும் நேரத்தையே பயன்படுத்தித் திரையையும் பூட்டும். ஆக, ரத்து செய்யப் போனவனிடம் முகவரே வாசலில் நின்று, ரத்து பண்ணினால் நிலமே போய்விடும் என்று சொல்வதைப் போல.

மிரட்டல் வெறும் பொய்யும் இல்லை. அழிக்கும் அதிகாரத்தை நான் கொடுத்திருந்தால் அது நிஜமாகவே அழிக்கலாம். அதனால் அந்தத் தம்பி முதலில் சிம் அட்டையைக் கழற்றினார், வைஃபை அணைந்திருக்கிறதா என்று பார்த்தார், படங்களை எல்லாம் கம்பி வழியாகக் கணினிக்கு நகலெடுத்தார். அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. நகலெடுத்ததில் படங்கள் மட்டும்தான் இருக்கின்றனவா, வேறு `.apk` கோப்பு ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்ததா என்றும் பார்த்துக்கொண்டார்.

அடுத்து அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. முகவரைத் தூங்க வைத்துவிட்டு ரத்து செய்வது. ஆண்ட்ராய்டில் `Safe mode` என்று ஒன்று இருக்கிறது. அதில் தொடங்கினால், கைபேசியோடு வந்த செயலிகள் மட்டும்தான் ஓடும். நாம் பிறகு நிறுவியவை எல்லாம் கைபேசிக்குள்ளேயே இருக்கும், ஆனால் விழிக்காது. விழிக்காத செயலியால் மிரட்டவும் முடியாது, பூட்டவும் முடியாது, அழிக்கவும் முடியாது.

மின் பொத்தானை அழுத்திப் பிடித்தார். அணைக்கவா என்று கேட்கும் `Power off` என்ற படம் வந்தது. அந்தப் படத்தின் மேலேயே விரலை வைத்து இரண்டு மூன்று விநாடி அழுத்தினார். `Safe mode` என்று மாறியது. அதைத் தொட்டார். கைபேசி அணைந்து மறுபடி தொடங்கியது. திரையின் இடது கீழ் மூலையில் சின்ன எழுத்தில் `Safe mode` என்று இருந்தது. அந்த எழுத்து தெரிந்தால்தான் சரியான இடத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம். எல்லாக் கைபேசியிலும் இதே வழி இல்லை. சிலவற்றில் கைபேசி தொடங்கும்போது ஒலியைக் குறைக்கும் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

பிறகு அமைப்புகளுக்குப் போய், பாதுகாப்பு என்ற பிரிவுக்குள் `Device admin apps` என்ற பட்டியலைத் திறந்தார். இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று `Find My Device`, தொலைந்த கைபேசியைக் கண்டுபிடிக்க கூகுள் கொடுப்பது. அது நல்ல நிர்வாகி, அதைத் தொடவில்லை. இன்னொன்று என் பத்திரிகைக்காரன். "அய்யா, நீங்களே அமுக்குங்க" என்று என்னிடம் நீட்டினார். அழுத்தினேன். `Deactivate` என்று கேட்டது. மறுபடி அழுத்தினேன். இந்த முறை மிரட்டலும் இல்லை, பூட்டும் இல்லை. அந்தப் பெயருக்கு எதிரே இருந்த விளக்கு அணைந்தது. பின்னால் வந்து செயலிகள் பட்டியலில் அதே பெயரைத் தேடி `Uninstall` என்றேன். இரண்டு விநாடியில் போயே போய்விட்டது. காலையிலிருந்து என்னை ஆட்டிப் படைத்த ஆள் இவ்வளவுதானா என்று இருந்தது.

வீட்டுக்குக் கிளம்பியவனை அந்தத் தம்பி உட்கார வைத்தார். "அய்யா, ஆள அனுப்பிச்சாச்சு. ஆனா அவன் இருந்த நேரத்துல வேற யாரையாச்சும் உள்ள விட்டானான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாதுங்க. இந்த போன்ல பேங்க் வேலை பார்க்கறீங்கன்னா, முழுசா அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிங்க" என்றார். நீக்குவது வேறு, கைபேசியை மறுபடி நம்புவது வேறு என்று அவர் பிரித்துச் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. முழுதாக அழிக்கும் முன் ஒன்றைக் கேட்டார்: கூகுள் கணக்கின் கடவுச்சொல் ஞாபகம் இருக்கிறதா என்று. அமைப்புகள் வழியாக அழிக்க முடியாமல், பொத்தான்களை அழுத்தி அழிக்க நேர்ந்தால், கைபேசி மறுபடி தொடங்கும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். தெரியாவிட்டால் அது வெறும் கண்ணாடித் துண்டுதான். எனக்குத் தெரியவில்லை. மகனுக்குக் கூப்பிட்டு, அவன் வேறு கணினியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்த பிறகே அழித்தோம்.

வாட்ஸ்அப்பை என் எண்ணில் மறுபடி பதிவு செய்ததும், அந்தப் பக்கம் இருந்தவன் தானாக வெளியே போனான். குறுஞ்செய்திக் குறியீடு மட்டும் போதாமல், நாமே வைக்கும் ஆறு இலக்க எண் ஒன்றையும் கேட்கும்படி `Two-step verification` என்பதைப் போட்டுவிட்டார். அது முன்பே இருந்திருந்தால் என் பெயரில் பத்திரிகை போயிருக்காது.

இங்கே ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். கடையில் உட்கார்ந்திருந்த இன்னொரு பையன் இதையெல்லாம் பார்த்துவிட்டு, தவணையில் வாங்கிய தன் கைபேசியில் இருக்கும் கடன்காரர்களின் செயலியையும் இதே போல நீக்க முடியுமா என்று கேட்டான். முடியாது. அப்படிப்பட்ட கைபேசிகளில், பெட்டியிலிருந்து எடுத்து முதன்முதலாகத் தொடங்கும்போதே அந்தச் செயலியை வெறும் நிர்வாகியாக இல்லாமல் சாதனத்தின் உரிமையாளராகவே பதிந்துவிடுகிறார்கள். அங்கே ரத்து செய்யும் பொத்தான் மங்கிக் கிடக்கும், `Safe mode`-ம் உதவாது. எங்கள் துறையிலும் இது உண்டு. முகவருக்கே அந்தச் சொத்தில் உரிமை கலந்திருந்தால், அந்தப் பவரை ஒருதலையாக ரத்து செய்ய முடியாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 202-ஆம் பிரிவு. கடனைக் கட்டி முடிப்பதுதான் அதற்கு வழி.

இதோடு கதை முடிந்திருந்தால் இதை ஒரு நகைச்சுவையாகவே எழுதியிருப்பேன்.

பவானிசாகர் போகும் சாலையில் மல்லிகை போட்டிருக்கும் என் பங்காளி ஒருவர். எனக்குத் தம்பி முறை. நான் பத்திரிகை அனுப்பினால் அவர் கேள்வி கேட்பாரா? விடியற்காலையில் பூப்பறிக்கப் போகும் அவசரத்தில் அழுத்தியிருக்கிறார். அவரிடம் அது இன்னும் ஒரு படி மேலே போய், கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று ஏ.டி.எம். அட்டையின் எண்ணையும் ரகசிய எண்ணையும் கேட்டிருக்கிறது. அவரும் அடித்துவிட்டார். மண்டிக்காரர் போட்டிருந்த பூப் பணம் 23,500 ரூபாய் மத்தியானத்துக்குள் போய்விட்டது.

நான் கடையில் இருந்தபோதுதான் அவர் கூப்பிட்டார். "அண்ணா, உங்க பத்திரிகையத் தொறந்தேனுங்ணா" என்று மட்டும் சொன்னார், குற்றம் சொல்லும் தொனியே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் கொடுக்க வைத்தேன். `cybercrime.gov.in` பக்கத்திலும் பதிந்தோம். வங்கிக்கு எழுத்து மூலமாகத் தெரிவித்து, நேரம் போட்டு ஒப்புகை வாங்கினோம். நேரம் முக்கியம். ரிசர்வ் வங்கி 2017-இல் போட்ட விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனாலும், அவர் வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. தெரிவிக்கும் முன் போனது அவர் தலையில். ரத்து அறிவிப்பு மாதிரியேதான் இதுவும்.

வேகமாகப் புகார் கொடுத்ததால் வழியில் ஒரு கணக்கில் 8,000 ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். அது கைக்குக் கிடைக்க நாளாகும். மீதி 15,500 போனது போனதுதான். ரத்துக்கு முன் முகவர் செய்த காரியம் செல்லும் என்று சட்டப் புத்தகத்தில் படித்தபோது இவ்வளவு வலிக்கவில்லை.

அவர் கைபேசியையும் அதே தம்பியிடம் கொண்டுபோய் அதே வழியில் சுத்தம் செய்தோம். ரத்துப் பொத்தானை நான்தான் அழுத்தினேன். பிறகு ஒரு நாள் 15,500 ரூபாயை உறையில் போட்டு அவர் தோட்டத்துக்குப் போனேன். வாங்க மாட்டேன் என்றார். "நீங்களா எடுத்தீங்க?" என்றார். என் பெயரை நம்பித்தானே அழுத்தினாய் என்றேன். கடைசியில் அவர் வீட்டம்மிணி, "பாதி குடுங்க மாமா, பாதி எங்க புத்திக்கு அபராதமா இருக்கட்டும்" என்று வழக்கைத் தீர்த்து வைத்தாள். 7,750 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன். வரும்போது ஒரு பை நிறைய மல்லிகை கொடுத்துவிட்டார்கள்.

படிக்கும் நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். கைபேசியில் அமைப்புகளைத் திறந்து, மேலே இருக்கும் தேடும் பெட்டியில் `device admin` என்று அடியுங்கள். ஒவ்வொரு கைபேசியிலும் அந்தப் பட்டியல் வெவ்வேறு இடத்தில் ஒளிந்திருக்கும், தேடினால் கிடைத்துவிடும். அதில் `Find My Device` இருக்கலாம், புதிய கைபேசிகளில் அதுவே `Find Hub` என்ற பெயரில் இருக்கும். அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கு அலுவலகச் செயலி ஒன்று இருக்கலாம். நீங்களோ வீட்டில் உள்ளவர்களோ பெயர் சொல்ல முடியாத ஒன்று அங்கே ஒளிர்ந்துகொண்டிருந்தால், அதுதான் நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்ட பவர்.

நான் இப்போது கண்ணாடியைக் கைபேசியோடு சேர்த்தே வைத்திருக்கிறேன். நண்பரின் பேத்திக்குத் தை மாதம் கல்யாணம் நிஜமாகவே நிச்சயமானது. மஞ்சள் தடவிய பத்திரிகையை வீட்டுக்கே வந்து தட்டில் வைத்துக் கொடுத்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.